போர்வெல் மோட்டாரும் பிரஷர் டேங்கும்: வருசத்துக்கு ஒருதரம் என்னென்ன பார்க்கணும்?

#1 தோட்டத்துச்சாளை

வணக்கம்ங்க. உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளைக்கு மட்டும் தனியா ஒரு போர். ஆறரை இஞ்ச், 450 அடி. ஒன்றரை எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் 320 அடியில தொங்குது. ஒன்னேகால் இஞ்ச் கறுப்பு ஓஸ். மேல்நிலைத் தொட்டி கிடையாது, 100 லிட்டர் பலூன் டேங்கும் பிரஷர் சுவிட்சும்தான். 2 பார்ல ஓட ஆரம்பிச்சு 3.5 பார்ல நிக்கணும். வீடு, மாட்டுத்தொழுவம், நாத்துப்பண்ணை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2500 லிட்டர் போகும்.

போட்டதுல இருந்து இதுவரைக்கும் யாரும் எதையும் பார்த்ததில்லை. வருசா வருசம் செய்ய ஒரு பட்டியல் வேணும். இப்போ இருக்கிற தொந்தரவையும் சொல்லிடறேன். மோட்டார் அடிக்கடி ஓடி ஓடி நிக்குது. போன மாசத்துல இருந்து மத்தியானத்துல நிக்கவே மாட்டேங்குது, முள்ளு 3.1லயே நின்னுக்குது, கையால அமத்த வேண்டியிருக்கு. காலையில முதல்ல குழாயைத் தொறந்தா கொஞ்சம் தண்ணி வந்து நின்னு, ஒரு நிமிஷம் கழிச்சு டொம்முனு சத்தத்தோட வருது.

#2 செம்மண்காடு

இதுக்கு எதுக்குங்க பட்டியல்? வருசத்துக்கு ஒருக்கா மோட்டாரைத் தூக்கி வெளிய எடுத்து, கழுவி, புஷ் பார்த்து, திரும்ப எறக்குங்க. எல்லாத்துக்கும் அதுதான் மருந்து. காலையில தண்ணி நிக்கிறதுக்கு மேல ஒரு என்.ஆர்.வி. போட்டாப் போதும், ஓஸ்ல இருக்கிற தண்ணி கீழ எறங்காது.

#3 நீர்மட்டம்

நன்றாக ஓடுகிற மோட்டாரை வருடா வருடம் தூக்காதீர்கள். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கேபிள் குழாய் விளிம்பில் உரசும், ஓஸ் மடியும், கயிறு நூல் விடும். உள்ளே இருக்கும் மோட்டாரின் நிலையை மேலே நின்றபடியே நான்கைந்து அளவுகளால் தெரிந்துகொள்ளலாம். என்.ஆர்.வி. பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

தோட்டத்துச்சாளை, உங்கள் மூன்று தொந்தரவுக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. டேங்க்கிலிருந்து தொடங்குங்கள். செலவே இல்லாத வேலை, பெரும்பாலான வீடுகளில் செய்யாமல் விடுவதும் அதைத்தான்.

மெயினை அணைத்து ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். டேங்க்குக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்து தண்ணீர் சொட்டுவதும் நிற்கும்வரை விடுங்கள். குழாய் திறந்தே இருக்கட்டும். டேங்க்கின் தலையில் பிளாஸ்டிக் மூடிக்குள் சைக்கிள் டியூப் வால்வு போல ஒன்று இருக்கும். முதலில் அதன் ஊசியை ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். காற்று வந்தால் சரி. தண்ணீர் வந்தால் பலூன் கிழிந்துவிட்டது, அதற்கு மேல் காற்றடித்துப் பயனில்லை. காற்றுதான் வருகிறது என்றால் டயர் கேஜ் வைத்து அளந்து சொல்லுங்கள்.

டேங்க்கில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்போது அளந்தால் அந்த எண் தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காட்டும். நிறைய பேர் அப்படி அளந்துவிட்டு "காற்று சரியாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

#4 மானாவாரி

காத்துன்னு சொல்றீங்களே, கம்ப்ரசர் ஆயிலை எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும்? பெல்ட்டும் சீக்கிரம் தேயுது. எங்க போர்ல 700 அடிக்கு ரெண்டு ஓஸ் எறக்கியிருக்கு.

#5 வைண்டிங்கடை

மானாவாரி அண்ணா, அது வேற. நீங்க சொல்றது காத்தை உள்ள அனுப்பித் தண்ணியத் தள்ளுற கம்ப்ரசர் போர். இங்க பேச்சு டேங்குக்குள்ள அடைச்சு வெச்ச காத்தைப் பத்தி. உங்களுக்குத் தனி இழை போடுங்க, ஆயில், பெல்ட், வால்வு பிளேட்டுன்னு அதுலயும் பேச நிறைய இருக்கு.

தோட்டத்துச்சாளை, ஃப்யூஸ் புடுங்கியிருக்கும்போதே ஸ்டார்ட்டர் பெட்டியையும் தொறந்து பார்த்துடுங்க. கெப்பாசிட்டர்ல கை வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு குண்டு பல்பு ஹோல்டர்ல ரெண்டு ஒயர் மாட்டி, அதோட முனைய கெப்பாசிட்டர் ரெண்டு காலிலயும் தொட்டு சார்ஜை எறக்குங்க. ஸ்க்ரூடிரைவரை வெச்சு டப்புனு அடிக்கிற வேலை வேண்டாம். உள்ள ரெண்டு கெப்பாசிட்டர் இருக்கும். கறுப்பா இருக்கிறது ஸ்டார்ட் ஆகுறதுக்கு, மோட்டார் வேகம் எடுத்ததும் ரிலே அதைக் கழட்டி விட்டுரும். இன்னொன்னு ரன்னிங், மோட்டார் ஓடுற நேரம் பூரா லைன்லயே இருக்கும், அதான் மெல்ல மெல்ல செத்துட்டே வரும். ஒரு காலக் கழட்டிட்டு, கெப்பாசிட்டர் அளக்குற மல்டிமீட்டர்ல பாருங்க. மேல அச்சடிச்ச எண்ணுல இருந்து பத்துல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருந்தா மாத்திடுங்க. உப்பியிருந்தா அளக்கவே வேண்டாம்.

பெட்டிக்குள்ள பல்லி முட்டை, எறும்புப் புத்து இருந்தா பிரஷ்ஷால தட்டுங்க. ஒவ்வொரு டெர்மினல் ஸ்க்ரூவையும் இறுக்குங்க. கறுத்த ஒயர் முனையைச் சும்மா இறுக்கினா நிக்காது, வெட்டிட்டுப் புது லக் போடுங்க.

#6 தோட்டத்துச்சாளை

பார்த்துட்டேங்க. ஊசியை அழுத்தினா காத்துதான் வருது. கேஜ்ல 12 பி.எஸ்.ஐ. ரன்னிங் கெப்பாசிட்டர் மேல 50 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு, மீட்டர்ல 41.

பெட்டிக் கதவு உள்பக்கம் மார்க்கர்ல எழுதியிருக்கறதை இன்னைக்குத்தான் பார்த்தேன்: "ஜனவரி, மட்டம் 180 அடி, 8.8 ஆம்ப்ஸ், 2 பாரில் 200 லி. 5 நிமி." போர் மூடியில இருந்து விரல் மொத்தத்துக்கும் குறைவான கறுப்பு டியூப் ஒன்னும் மேல வருது, முனையில வால்வு. பக்கத்துல பெயிண்ட்ல 300ன்னு இருக்கு. இது என்னன்னு தெரியலை.

#7 நீர்மட்டம்

உங்களுக்குப் போர் மாட்டியவர் கெட்டிக்காரர். அந்தக் கதவில் இருப்பதுதான் உங்கள் பட்டியலின் முதல் வரி. ஆண்டு பராமரிப்பு என்பதே அந்த மூன்று எண்களையும் திரும்ப அளந்து, பக்கத்தில் எழுதி, என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான். டியூபுக்குப் பிறகு வருகிறேன்.

12 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 0.8 பார். மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு 0.2 பார் குறைவாகக் காற்று இருக்க வேண்டும். நீங்கள் 2 பாரில் தொடங்குவதால் 1.8 பார், அதாவது 26 பி.எஸ்.ஐ. இருந்திருக்க வேண்டும். இந்தக் குறைவால் என்ன ஆகிறது என்று கணக்குப் பார்த்துவிடலாம். கேஜ் காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் 1 பாரைக் கூட்டிக்கொண்டால் சூத்திரம் எளிது:

```
V × P0 × (1/P1 − 1/P2)

100 × 2.8 × (1/3.0 − 1/4.5) = 31
100 × 1.8 × (1/3.0 − 1/4.5) = 20
```

V டேங்க்கின் கொள்ளளவு, P0 அடைத்த காற்று, P1 தொடங்கும் அழுத்தம், P2 நிற்கும் அழுத்தம். காற்று சரியாக இருந்தால் ஒவ்வொரு முறை மோட்டார் நின்ற பிறகும் 31 லிட்டர் கிடைக்கும். இப்போது 20தான் கிடைக்கிறது. சிறுகச் சிறுகத் திறந்து மூடும் வீட்டில் 2500 லிட்டருக்கு 80 தடவை ஓட வேண்டிய மோட்டார் 125 தடவை ஓடும். ஒன்று முதல் ஐந்து எச்.பி. வரையிலான சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிளுக்கு நாளுக்கு 100 தடவைக்குள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு தொடக்கத்திலும் பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து வைண்டிங் சூடாகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த தொடக்கம் வந்தால் இன்சுலேஷன் வெந்துகொண்டே போகும்.

காற்றடிக்கச் சைக்கிள் பம்பு அல்லது கார் டயருக்கான கால் பம்பு போதும். ஆனால் இன்றே 26க்கு ஏற்றிவிடாதீர்கள். முள் 3.1இல் நிற்பதற்கு விடை தெரிந்த பிறகு சுவிட்ச்சை மாற்ற வேண்டியிருக்கலாம். சுவிட்ச் மாறினால் காற்றும் மாற வேண்டும்.

#8 உப்புத்தண்ணி

முள்ளு நிக்கிறதுக்கு எங்க பக்கத்துல வேற காரணம் இருக்குங்க. உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணி. பிரஷர் சுவிட்ச்சுக்குப் போற கால் இஞ்ச் நிப்பிள் உள்ளுக்குள்ள கல்லு மாதிரி அடைச்சுக்கும். அப்புறம் டேங்குல என்ன அழுத்தம் இருந்தாலும் சுவிட்ச்சுக்குத் தெரியாது. முள்ளும் அதே கிளை வழியில இருந்தா அதுவும் பொய் சொல்லும். நிப்பிளைக் கழட்டி ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்க. வருசத்துக்கு ஒருக்கா அந்த நிப்பிளைப் புதுசாவே போட்டுடறது நல்லது, விலையும் பெருசா ஒன்னும் இல்லை. பித்தளை போடுங்க, ஜி.ஐ. வேண்டாம்.

சுவிட்ச் மூடியையும் கழட்டிப் பாருங்க. கான்டாக்ட் நடுவுல எறும்பு நசுங்கிக் கெடக்கும். சூடும் ஈரமும் இருக்கிற எடத்துக்கு அது தானா வரும். மூடி விளிம்புலயும் ஒயர் நுழையற ஓட்டையிலயும் சிலிகான் வெச்சுட்டா அது வர்றது குறையும்.

#9 நீர்மட்டம்

நல்ல குறிப்பு, அதை முதலில் பார்த்துவிட வேண்டும். இவருக்கு மத்தியானத்தில் மட்டும் நிற்காமல் போவதால் எனக்கு வேறு சந்தேகம் இருக்கிறது. அடைப்பு நேரம் பார்த்து வராது.

தோட்டத்துச்சாளை, அந்தக் கறுப்பு டியூப் தண்ணீர் மட்டம் அளக்கத்தான். அதன் கீழ்முனை 300 அடியில் இருக்கிறது. அதில் சைக்கிள் பம்பை மாட்டி, இடையில் பி.எஸ்.ஐ. காட்டும் கேஜ் வைத்து அடியுங்கள். டியூபுக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் கீழ்முனை வழியாக வெளியேறியதும் அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் எண் ஏறாது. அந்த எண்ணை 2.31ஆல் பெருக்கினால் டியூப் முனைக்கு மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று வரும். அதை 300இலிருந்து கழித்தால் மட்டம். மோட்டார் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஒருமுறை, ஓடும்போது ஒருமுறை அளக்கவும். டியூப் இல்லாதவர்கள் மோட்டார் இருக்கும் போருக்குள் கயிற்றில் எடை கட்டி இறக்குவதைத் தவிர்க்கவும். கேபிளில் சிக்கினால் இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

அதோடு, டேங்க் தாண்டி இருக்கும் வால்வைத் திருப்பித் திருப்பி முள்ளை 2 பாரிலேயே நிறுத்திக்கொண்டு 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். கதவில் எழுதியிருப்பது அப்படி அளந்ததுதான். அந்த நேரத்தில் ஆம்ப்ஸும் வோல்டேஜும் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் பெயர்த்தகட்டில் அதிகபட்ச ஹெட் எவ்வளவு?

#10 வைண்டிங்கடை

அளக்குறதுக்கு முன்னாடி கெப்பாசிட்டரை மாத்திடுங்க. 50க்கு 41 வெச்சுட்டு எடுக்குற ஆம்ப்ஸ் எதுக்கும் உதவாது. அதே 50, அதே 440 வோல்ட். "கொஞ்சம் பெருசாப் போட்டா பவரா ஓடும்"னு கடையில 60 தள்ளுவாங்க, வாங்காதீங்க, ஸ்டார்ட்டிங் வைண்டிங் சூடாகும்.

வோல்டேஜை மத்தியானம் மோட்டார் ஓடிட்டிருக்கும்போது பாருங்க. நின்னிருக்கும்போது 230 காட்டுறது ஓடும்போது 195க்கு எறங்கினா, அது மோட்டார் கோளாறு இல்லை, லைன் கோளாறு. வோல்டேஜ் எறங்கினா ஆம்ப்ஸ் ஏறும், வேகம் குறையும், தூக்குற உயரமும் குறையும்.

#11 தோட்டத்துச்சாளை

நிப்பிள் கழட்டிப் பார்த்தேன், லேசாத்தான் படிஞ்சிருந்தது, சுத்தம் பண்ணிட்டேன். கெப்பாசிட்டர் புதுசு போட்டாச்சு.

மட்டம்: நின்னிருக்கும்போது 26 பி.எஸ்.ஐ., ஓடும்போது 24. அப்போ 240 அடி, 245 அடி. சரிதானே? 2 பார்ல டிரம் நிறைய 12 நிமிஷம், 7.8 ஆம்ப்ஸ், 215 வோல்ட். முள்ளு 3.1ல நின்னப்போ ஆம்ப்ஸ் 6.5. தகட்டுல அதிகபட்ச ஹெட் 105 மீட்டர்னு இருக்கு.

மோட்டார் தேஞ்சு போச்சுங்களா? 5 நிமிஷம் 12 நிமிஷமாயிடுச்சே.

#12 செம்மண்காடு

அதைத்தான் முதல்லயே சொன்னேன். இம்பெல்லர் தேஞ்சிருக்கும், தூக்குங்க.

#13 நீர்மட்டம்

தேய்ந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 105 மீட்டர் என்றால் 344 அடி. அதற்கு மேல் அந்தப் பம்பால் ஒரு சொட்டுகூடத் தூக்க முடியாது. உங்கள் தண்ணீர் இப்போது 240 அடியில் நிற்கிறது. 344இல் 240 போனால் மிச்சம் 104 அடி. ஒரு பாருக்கு 33.5 அடி என்று வகுத்தால் 3.1 பார். முள் நிற்கும் இடம் அதுதான்! தேய்ந்த பம்பாக இருந்தால் முள் அதற்கும் கீழேயே நின்றிருக்கும்.

ஜனவரியில் மட்டம் 180 அடியில் இருந்தபோது இதே பம்பால் 4.9 பார் வரை போக முடியும், அதனால் 3.5இல் சுவிட்ச் அமர்ந்தது. மட்டம் 60 அடி இறங்கியதும் அந்த எண் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. மத்தியானத்தில் மட்டும் வருவதற்குக் காரணம், காலையில் மட்டம் சற்று ஏறி நிற்பதும், வோல்டேஜ் கூடுதலாக இருப்பதும். டிரம் நிரம்பத் தாமதமாவதும் இதனால்தான். 2 பாரில் பம்பு இப்போது 312 அடி தூக்குகிறது, அதன் எல்லையை நெருங்கிவிட்டது.

நிற்காமல் ஓடுவதில்தான் ஆபத்து. முள் 3.1இல் நிற்கும்போது குழாயில் தண்ணீர் நகரவே இல்லை. சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஓட்டம் நின்றால் பம்புக்குள் இருக்கும் தண்ணீரே சூடாகி, பிளாஸ்டிக் இம்பெல்லரும் பக்கத்து ஓஸும் இளகத் தொடங்கும். 8.8இலிருந்து 6.5க்கு ஆம்ப்ஸ் இறங்கியதைப் பார்த்து "கரண்ட் மிச்சம்" என்று நினைக்க வேண்டாம்.

அதனால் இந்தச் சோதனையை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ செய்ய வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு செய்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தெரியும்.

#14 தோட்டத்துச்சாளை

அப்போ சுவிட்ச்சை எதுல வெக்கிறது? குறைச்சா ஷவர்ல வேகம் இருக்காதே.

#15 நீர்மட்டம்

1.4இல் தொடங்கி 2.6இல் நிற்கட்டும். 3.1க்கும் 2.6க்கும் நடுவே இருக்கும் இடைவெளி, மட்டம் இன்னும் பதினைந்து அடி இறங்கினாலும் தாங்கும். காற்று 1.2 பார், அதாவது 17 பி.எஸ்.ஐ. சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்:

```
100 × 2.2 × (1/2.4 − 1/3.6) = 30.6
```

பழைய 31 லிட்டருக்கு ஏறக்குறைய சமம். அழுத்தத்தைக் குறைத்தும் டேங்க் தரும் தண்ணீர் குறையவில்லை. இதில் எல்லாரும் தவறுவது, சுவிட்ச்சை மட்டும் குறைத்துவிட்டுக் காற்றைப் பழைய 1.8லேயே விடுவது. அப்போது முள் 1.8க்கு வரும்போதே பலூன் காலியாகிவிடும். மோட்டாரோ 1.4இல்தான் கிளம்பும். நடுவில் குழாயில் தண்ணீர் சட்டென்று அறுந்து, ஒரு உதறலோடு திரும்ப வரும். கிடைப்பதும் 22 லிட்டர்தான்.

பரவலாகக் கிடைக்கும் சுவிட்ச்சில் இரண்டு ஸ்பிரிங் இருக்கும். பெரிய நட்டைத் தளர்த்தினால் தொடங்குவதும் நிற்பதும் சேர்ந்தே இறங்கும். முதலில் அதை வைத்துத் தொடக்கத்தை 1.4க்குக் கொண்டுவாருங்கள். பிறகு சின்ன நட்டால் நிற்பதை மட்டும் 2.6க்கு இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது நேரடி மின்சாரம், மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். காற்றடித்த பின் வால்வில் சோப்பு நுரை வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். 1.8 எப்படி 0.8 ஆனது என்பதற்குப் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

#16 வைண்டிங்கடை

என்னைக் கேட்டா சுவிட்ச்சைக் குறைக்கிறது ஒட்டுவேலை. மட்டம் வருசா வருசம் எறங்குற ஊருல, அடுத்து மாத்தும்போது 130 மீட்டர் ஹெட் பம்பாப் போடணும். அது வரைக்கும் வேணா 2.6 ஓடட்டும்.

கூடவே ஆம்ப்ஸ் குறைஞ்சா அமத்துற டிரை ரன் ரிலே ஒன்னு போடுங்க. உங்க எண்ணுக்கு 7ல வெக்கலாம். 2 பார்ல 7.8 எடுக்குது, தண்ணி நகராதப்ப 6.5. ரெண்டுக்கும் நடுவுல. போர் காஞ்சாலும் அமத்தும், சுவிட்ச் சிக்கிக்கிட்டாலும் அமத்தும்.

#17 நீர்மட்டம்

ரிலேவை ஒப்புக்கொள்கிறேன். 130 மீட்டர் பம்பு பற்றி யோசிக்க வேண்டும். ஜனவரியில் மட்டம் 180க்கு வரும்போது அது 7 பாருக்கு மேல் தள்ளும் வலு உடையதாக இருக்கும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டு நிற்காமல் போனால் முதலில் போவது வீட்டுக் குழாய்கள். போடுவதானால் டேங்க் பக்கத்தில் 6 பாருக்குள் திறக்கும் சேஃப்டி வால்வு கட்டாயம் வேண்டும்.

இப்போது அந்த என்.ஆர்.வி. பற்றி. தோட்டத்துச்சாளை, உங்கள் போர் தலையில் ஏற்கெனவே ஒரு என்.ஆர்.வி. இருக்கிறதா?

#18 தோட்டத்துச்சாளை

இருக்குங்க, பித்தளையில ஒன்னு, எல்போ தாண்டினதும். அப்புறம் ஏன் காலையில தண்ணி நிக்குது?

#19 செம்மண்காடு

அப்போ அது வேலை செய்யலை. புதுசு போடுங்க.

#20 நீர்மட்டம்

அது வேலை செய்கிறது, அதனால்தான் கோளாறு மறைந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும் வால்வை அடைத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். முள் இறங்கவில்லை என்றால் மேல் என்.ஆர்.வி. நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் பம்பின் வாயில் இருக்கும் கீழ் என்.ஆர்.வி. கசிந்தால், இரவு முழுவதும் ஓஸில் இருக்கும் தண்ணீர் போருக்குள் இறங்கிவிடும். மேலே அடைத்திருப்பதால் ஏற்படும் வெற்றிடம் முப்பதடி தண்ணீரைத்தான் பிடித்து வைக்கும். உங்கள் மட்டத்துக்கு மீதி 210 அடி ஓஸ் வெறுமையாக இருக்கும், அறுபது லிட்டர் போல. காலையில் டேங்க்கில் இருப்பது தீர்ந்து மோட்டார் கிளம்பினாலும், அந்த ஓஸ் நிரம்பும்வரை மேலே ஒன்றும் வராது. நீங்கள் சொன்ன ஒரு நிமிடம் அதுதான். ஏறி வரும் தண்ணீர் மூடிய வால்வில் மோதும் சத்தம்தான் அந்த டொம்.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி: இரவில் நின்ற மோட்டாரைக் காலையில் போட்டு, முள் அசைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஓஸ் நிறைந்திருந்தால் ஓரிரு நொடியில் அசையும்.

இதை நீண்ட நாள் விடக்கூடாது. எதிர் அழுத்தமே இல்லாமல் கிளம்பும்போது பம்பு தண்டு மேல்நோக்கித் தூக்கப்பட்டு, அதற்கென்று வடிவமைக்காத பக்கம் தேய்கிறது. தண்ணீர் பின்னோக்கி இறங்கும்போது இம்பெல்லர் தலைகீழாகச் சுற்றும். அந்தச் சமயத்தில் மோட்டார் கிளம்பினால் கப்ளிங் முறியும். இடையில் எங்காவது ஓஸ் ஜாயின்ட் தளர்ந்திருந்தால் வெற்றிடம் காற்றையும் உள்ளே இழுக்கும்.

#21 தோட்டத்துச்சாளை

முள்ளு அரை மணி நேரம் அசையலை. காலையில எண்ணிப் பார்த்தேன், 65 நொடி. அப்போ கீழ் என்.ஆர்.வி.தான். தூக்கித்தான் ஆகணுமா?

#22 வைண்டிங்கடை

தூக்கணும். ஆனா தூக்குறதுக்கு முன்னாடி மெகர் போட்டு இன்சுலேஷன் எப்படி இருக்குன்னு ஒரு எண்ணு எடுத்துக்குங்க, எறக்கின பிறகு ஒப்பிட. பெட்டியில மோட்டார் ஒயர் மூணையும் கழட்டி ஒன்னாச் சேர்த்து, 500 வோல்ட் மெகர்ல எர்த்துக்கு. ஒயரைக் கழட்டாமப் போட்டா ரிலே போர்டு புகைஞ்சிரும்.

#23 தோட்டத்துச்சாளை

எலக்ட்ரீஷியன் வந்து போட்டாருங்க. 3 மெகா ஓம். நல்லதா கெட்டதா?

#24 நீர்மட்டம்

கேபிளோடு சேர்த்து, தண்ணீருக்குள் இருக்கும்போது 2க்கு மேல் இருந்தால் நல்ல நிலை. 0.5க்குக் கீழே போனால்தான் பழுதைத் தேட வேண்டும்.

#25 வைண்டிங்கடை

புத்தகத்துல அப்படித்தான் இருக்கும். நான் 3ஐ நல்லதுன்னு சொல்ல மாட்டேன். காஞ்ச மே மாசத்துல 3ன்னா கார்த்திகை மழையில பெட்டிக்குள்ள ஈரம் ஏறினா எவ்வளவு காட்டும்? போன வருசத்து எண்ணு இல்லாததால சொல்ல முடியலை. 20ல இருந்து 3க்கு எறங்கியிருந்தா ஒரு அர்த்தம், மூணு வருசமா 3லயே நின்னா வேற அர்த்தம்.

#26 நீர்மட்டம்

அது சரி. மெகரை மட்டும் மழைக்காலத்திலும் இன்னொரு முறை போட்டுக் கதவில் எழுதுங்கள்.

#27 உப்புத்தண்ணி

எப்போ தூக்குறதுன்னு ரெண்டு பேரும் சொல்லலையே. மட்டம் எறங்கிக் கெடக்கும்போதே தூக்கிடலாம். கீழ் வால்வு நல்லாப் பிடிச்சா ஓஸ் தண்ணியோட கனமா வரும். இவருக்கு வால்வு கசியறதால எப்படியும் காலியாத்தான் இருக்கும்.

#28 வைண்டிங்கடை

மே மாசத்துல ஒரு நாள் தண்ணி இல்லாம மாட்டுக்கு என்ன பண்ணுவாரு? மழை வந்த பிறகு தூக்கட்டும். அது வரைக்கும் காலையில குழாயைத் தொறக்கிறதுக்கு முன்னாடி மோட்டாரைக் கையால போட்டு, முள்ளு ஏறின பிறகு தொறந்தா தண்ணி அறுந்து நிக்கிறதாவது இருக்காது.

#29 நீர்மட்டம்

நான் இப்போதே என்பேன். 65 நொடி வெறுமையாக ஓடுவது தினமும் நடக்கிறது. ஒரு நாளைக்கு டேங்கர் தண்ணீர் வாங்குவது கப்ளிங் முறிந்து பம்பையே மாற்றுவதைவிட மலிவு. மாட்டுத் தொட்டியை முதல் நாளே நிரப்பி வைக்கலாம்.

#30 தோட்டத்துச்சாளை

வர்ற வாரத்துக்கு ஆள் கேட்டிருக்கேங்க, கிடைச்சா இப்பவே, இல்லாட்டி ஆடிக்கு மேல. தூக்குற அன்னைக்கு வேற என்ன பார்க்கட்டும்?

#31 வைண்டிங்கடை

என்.ஆர்.வி.யை ஸ்பிரிங் வெச்ச பித்தளையா, பம்பு வாயிலயே போடச் சொல்லுங்க. கேபிள் ஜாயின்ட்டைப் பழசுல விடாதீங்க, வெட்டிட்டுப் புதுசாப் பண்ணி, ஒரு பக்கெட் தண்ணியில ஜாயின்ட்டை முக்கி வெச்சு மெகர் போட்டுப் பார்த்துட்டுத்தான் எறக்கணும். பத்தடிக்கு ஒருக்கா கேபிளை ஓஸோட கட்டணும், இறுக்கமா இல்லாம கொஞ்சம் தளர்த்தி, ஏன்னா கனம் ஏறினதும் ஓஸ் நீளும், கேபிள் நீளாது. கயிறு நூல் விட்டிருந்தா மாத்துங்க. சல்லடையில வெள்ளையாப் படிஞ்சிருந்தா தட்டிச் சுத்தம் பண்ணுங்க, ஆசிட் ஊத்தாதீங்க. அந்தக் கறுப்பு டியூப் முனை திரும்பவும் அதே 300 அடியில நிக்கிறதை அளந்து கட்டச் சொல்லுங்க. இடம் மாறினா பெயிண்ட்ல இருக்கிற எண்ணையும் மாத்தி எழுதிடணும்.